இரவல் வண்டி விழுந்தால் செலவு யாருடையது?

சரவணனும் பாண்டியும் என் கற்பனை ஆட்கள். அவர்களுக்கு நடந்தது மட்டும் கற்பனை இல்லை. அது எந்தத் தெருவிலும் மாதத்துக்கு ஒரு தரமாவது நடக்கிறது.

மதுரை பழங்காநத்தத்தில் சரவணனுக்கு வீடு. அச்சகத்தில் வேலை. மூன்றரை வருஷத்துக்குமுன் வாங்கிய ஸ்கூட்டர், தவணை எல்லாம் முடிந்து இப்போதுதான் முழுசாக அவன் வண்டியாகியிருக்கிறது. பாண்டி அடுத்த தெரு. எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றான்.

"மாப்ள, சிம்மக்கல் வரைக்கும் போய் சுவிட்ச் போர்டு எடுத்துட்டு வரணும். வண்டியைக் குடுறா."

"சிம்மக்கல்லோட திரும்பிரணும். நாலு மணிக்கு எனக்கு வேணும். செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு மணி நேரம்டா."

சாவி கை மாறியது. பாண்டி சிம்மக்கல் போனான், போர்டை வாங்கினான். அங்கிருந்து திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஒத்தக்கடையில் இருக்கும் அக்காவிடம் ஒரு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கோரிப்பாளையம் பக்கம் வண்டியை விட்டான். மாட்டுத்தாவணி தாண்டி, உத்தங்குடிக்கு அருகில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினான். வண்டி சறுக்கி, சாலை நடுவே இருந்த தடுப்புக் கல்லில் முட்டி நின்றது. அவனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது, தலைக்கவசம் கீறியது. வண்டிக்கு முன் பேனல், மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி போயின. ஃபோர்க் வளைந்தது.

மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 12,000 ரூபாய். பிளாஸ்டிக் சாமான் 6,000, ஃபோர்க், ஹேண்டில்பார் போன்ற இரும்பு 4,400, கூலி 1,600. "நாய் வந்தா நான் என்ன பண்றது?" என்றான் பாண்டி. "உன்னை யாரு ஒத்தக்கடைக்குப் போகச் சொன்னா?" என்றான் சரவணன். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்குமே நம் நாட்டுச் சட்டத்தில் 150 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்த பதில் இருக்கிறது.

அந்தச் சட்டம் 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவது என்றால், அந்த உறவுக்கு அதன் 148-ஆம் பிரிவிலிருந்து விதிகள் தொடங்குகின்றன. காசு வாங்காமல் கொடுத்தாலும் அது பொருந்தும். பத்திரம், கையெழுத்து எதுவும் தேவையில்லை. சாவியைக் கொடுத்ததே போதும். ஸ்கூட்டர் என்ற சாதனமே இல்லாத காலத்துச் சட்டம் என்பதால் அதில் வரும் உதாரணங்களில் ஸ்கூட்டருக்குப் பதில் குதிரைகள்தான் வருகின்றன.

முதலில் பாண்டி பக்கம் பார்ப்போம். 151-ஆம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சாதாரண விவேகமுள்ள மனிதன், இதே மாதிரியான தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வானோ, அவ்வளவு கவனத்தோடு இரவல் வாங்கியவர் நடந்துகொண்டாரா? நடந்துகொண்டார் என்றால், வேறு ஏற்பாடு எதுவும் பேசியிராத பட்சத்தில், பொருளுக்கு வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 152. அதாவது "இரவல் வாங்கினவன் என்ன ஆனாலும் கட்டணும்" என்று நாம் திண்ணையில் சொல்லும் தீர்ப்பு சட்டத்தின் தீர்ப்பு அல்ல. அளவான வேகத்தில் போனவன் முன்னால் திடீரென்று நாய் பாய்ந்தால், அவன் சொந்த வண்டியில் போயிருந்தாலும் விழுந்திருப்பான். அவனிடம் கேட்க ஒன்றுமில்லை. செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு போனவன் விழுந்தால் அது வேறு கதை.

ஆனால் பாண்டி சிம்மக்கல்லோடு திரும்பவில்லையே. இங்கேதான் 154 வருகிறது. எந்த நிபந்தனையில் பொருள் கொடுக்கப்பட்டதோ அதற்கு மாறாகப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டின்போது வரும் சேதத்துக்கு வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும். கவனமாக ஓட்டினாரா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் காசிக்குப் போவதற்கென்றே சொல்லி, கல்கத்தாவில் ஒரு குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். நல்ல கவனத்தோடுதான் ஓட்டுகிறார், ஆனால் காசிக்குப் பதில் கட்டாக் போய்விடுகிறார். வழியில் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. அவர் பொறுப்பு. இன்னோர் உதாரணத்தில், 'நீ மட்டும் ஓட்டு' என்று கொடுத்த குதிரையை வாங்கியவர் தன் வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுக்கிறார். அவரும் கவனமாகவே ஓட்டுகிறார். குதிரை விழுகிறது. அப்போதும் வாங்கியவர்தான் பொறுப்பு. கட்டாக் இருந்த இடத்தில் ஒத்தக்கடையை வைத்துப் பாருங்கள். நாய் பாண்டியைக் காப்பாற்றாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'சிம்மக்கல் போய்ட்டு வரேன்' என்று பாண்டி மட்டும் சொல்லியிருந்தால், அது வெறும் தகவலா, நிபந்தனையா என்று வாதாட இடமிருக்கும். சரவணன் வாய் திறந்து 'சிம்மக்கல்லோட திரும்பிரணும், நாலு மணிக்கு வேணும்' என்று சொன்னதால்தான் அவன் கை ஓங்குகிறது. வாய்ச்சொல் போதும் என்றாலும், பிறகு அதை நிரூபிக்க வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தால் நல்லது. நண்பனுக்கு வண்டி கொடுக்கும்போது யார் அப்படி எழுதி அனுப்புவார்கள் என்று கேட்டால், என்னிடமும் பதில் இல்லை.

சரவணன் ஜெயித்துவிட்டான் என்று நினைக்கும் நேரத்தில்தான் செல்வி வாயைத் திறந்தாள். "ஏங்க, போன மாசமே பின் பிரேக் பிடிக்கல, ஷூ மாத்தணும்னு சொன்னாரே மெக்கானிக்கு. மாத்துனீங்களா?"

மாத்தவில்லை. பாண்டியிடம் சொல்லவும் இல்லை. அவனுக்கு அது பழகிப்போன குறை. இடது லீவரைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்த வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். பாண்டியின் கைக்குத் தெரியாது.

150-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொருளில் உள்ள குறை கொடுப்பவருக்குத் தெரிந்திருந்து, அந்தக் குறை பயன்பாட்டைப் பாதிக்கும் அல்லது வாங்குபவரை வழக்கத்துக்கு மீறிய ஆபத்தில் தள்ளும் என்றால், அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், அந்தக் குறையால் நேரடியாக வாங்கியவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குக் கொடுத்தவர் பொறுப்பு. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, அது வெருண்டோடி, ஓட்டியவர் தூக்கியெறியப்பட்டால் கொடுத்தவர்தான் ஈடு தர வேண்டும் என்பது இதற்குச் சட்டம் தரும் உதாரணம். ஆக, பாண்டியின் முழங்கைக்கும் மருந்துச் செலவுக்கும் சரவணன் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். வண்டிச் சேதத்தை முழுதாக பாண்டி தலையில் கட்டுவதும் கடினமாகிவிடும். கொடுத்தவருக்குக் குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இலவசமாகக் கொடுத்தவருக்குத் தெரியாத குறைக்கு இந்தப் பிரிவு அவரைப் பிடிப்பதில்லை. காசு வாங்கி வாடகைக்கு விட்டவர் என்றால், தெரியாத குறைக்கும் அவரே பொறுப்பு.

பிரேக்தான் காரணமா என்று எப்படித் தெரியும்? டிரம் பிரேக் உள்ள பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்து பிரேக் ஆர்ம் அருகே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். லீவரை முழுசாக அழுத்தும்போது அந்த அம்பு எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றினால் ஷூவில் எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணாலேயே தெரியும். இதை வண்டியைச் சரிசெய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பழைய சாமானைக் காயலான் கடைக்குப் போட்டபிறகு ஆரம்பிக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. இந்தக் கதையில் அம்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

"சரி, இன்சூரன்ஸ் இருக்குல்ல? அதுல போட்டுருவோம்" என்றான் சரவணன். பீரோவிலிருந்து தாளை எடுத்தான். அதில் முடியும் தேதிக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. இருவர் முகத்திலும் வெளிச்சம். அந்த வெளிச்சம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தனி. ஷோரூமில் பெரும்பாலும் இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து, சொந்தச் சேதம் ஒரு வருஷம், மூன்றாம் நபர் ஐந்து வருஷம் என்று கொடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் முதல் பாதி சத்தமில்லாமல் செத்துவிடும். தாளில் பெரிதாகத் தெரிவது ஐந்தாவது வருஷத்துத் தேதி. போலீஸ் நிறுத்தினால் அது போதும், அபராதம் இல்லை. அதனால் யாரும் கவனிப்பதில்லை. சரவணனின் சொந்தச் சேதக் காப்பீடு இரண்டரை வருஷத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அதை மட்டும் தனியாக வருஷாவருஷம் எடுத்துக்கொள்ள 2019 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது. சாதாரண ஸ்கூட்டருக்கு அது பெரிய தொகையும் இல்லை.

எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? முதல் செய்தி: ஓட்டியது பாண்டி என்பது ஒரு தடையே இல்லை. உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டிய, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள யாராக இருந்தாலும் பாலிசி ஏற்கும். இது தெரியாமல் பலர் 'நான்தான் ஓட்டினேன்' என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். காயம் பட்டவன் பெயர் ஆஸ்பத்திரி சீட்டில் ஒன்றாகவும், விண்ணப்பத்தில் இன்னொன்றாகவும் இருந்தால், கிடைக்க வேண்டிய பணமும் போய்விடும். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசி வாடகைக்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 'பெட்ரோல் போட்டுட்டு நாளைக்கு 200 ரூபாய் குடு' என்று உணவு டெலிவரி பண்ணும் பையனுக்கு வண்டியை விட்டால் கதை மாறிவிடும்.

அடுத்தது கணக்கு. வழக்கமான பாலிசியில் 12,000-மும் வராது. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். 6,000-ல் 3,000 போயிற்று. இரும்புக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. மூன்று வருஷம் தாண்டி நாலு வருஷத்துக்குள் இருந்தால் 25 சதவீதம், அதாவது 4,400-ல் 1,100. கூலியில் தேய்மானம் இல்லை. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய பங்கு, இருசக்கர வாகனத்துக்கு 100 ரூபாய். மொத்தம் 4,200 கழித்து 7,800 ரூபாய் வந்திருக்கும். மீதி 4,200-ஐ யார் கொடுப்பது என்பதுதான் நண்பர்கள் பேச வேண்டிய விஷயமாக இருந்திருக்கும். அதோடு, கிளெய்ம் வாங்கியதால் அடுத்த வருஷம் பறிபோகும் தள்ளுபடியும் உண்டு. அது உரிமையாளரின் நஷ்டம், ஓட்டியவன் கணக்கில் வராமலே போய்விடும். காரில் அது பல ஆயிரம். ஸ்கூட்டரில் சில நூறு.

இதுவரை பேசியது 12,000 ரூபாய் சமாசாரம். நட்பு முறிகிற அளவுக்கு நாம் சண்டை போடுவது இதற்குத்தான். ஆனால் வண்டியை இரவல் கொடுப்பதில் உண்மையான ஆபத்து இதுவல்ல என்பது என் கருத்து. தடுப்புக் கல்லில் முட்டியதற்குப் பதில், ஸ்கூட்டர் சாலையோரம் சைக்கிளில் போன ஒரு பெரியவர் மேல் மோதி அவர் தொடை எலும்பு முறிந்திருந்தால்?

அப்போது போலீஸ் வழக்குப் பதியும். கவனக்குறைவாக ஓட்டிய குற்றம் பாண்டி மேல்தான். சரவணன் ஜெயிலுக்குப் போக மாட்டான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி, 'அந்த நேரத்தில் ஓட்டியது யார், உரிமம் உண்டா' என்று கேட்டு உரிமையாளரான அவனுக்கு நோட்டீஸ் வரும். உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிறகு அந்தப் பெரியவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவார். எதிர்மனுதாரர்கள் மூவர்: ஓட்டியவர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம். சிகிச்சை, வருமான இழப்பு, நிரந்தர ஊனம் என்று கூட்டினால் தொகை லட்சங்களில் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால் அதை மூன்றாம் நபர் காப்பீடு கட்டிவிடும். சரவணனின் ஐந்து வருஷத் தாளில் உயிரோடு இருக்கும் பாதி இதுதான். இரண்டு நண்பர்களும் கையிலிருந்து ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் என்றேன். சரியில்லாமல் போகிற முதல் இடம் ஓட்டுநர் உரிமம். பாண்டிக்கு உரிமம் உண்டா என்று சரவணன் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். உரிமம் இருந்தால் மட்டும் போதாது. எந்த வகை வாகனத்துக்கு என்றும் அதில் இருக்க வேண்டும். கார் ஓட்ட எல்.எம்.வி. மட்டும் வாங்கியவர் ஸ்கூட்டர் ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் ஸ்கூட்டருக்கு உரிமம் இல்லாதவர்தான்.

உரிமம் இல்லாதவர் ஓட்டினால் சைக்கிள் பெரியவருக்குப் பணம் கிடைக்காதா? கிடைக்கும். உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் வகுத்த வழி இன்றும் தீர்ப்பாயங்களில் நடைமுறையில் இருக்கிறது. அடிபட்டவர் அலைக்கழிக்கப்படக் கூடாது என்பதால், காப்பீட்டு நிறுவனம் முதலில் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உரிமையாளரிடம் என்றால் நம் சரவணனிடம். விபத்து நடந்தபோது அவன் பழங்காநத்தத்தில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான் என்பது எடுபடாது. லட்சக்கணக்கில் வசூல் நோட்டீஸ் வந்து, வீட்டை ஜப்தி செய்யும் அளவுக்குப் போனால், 12,000 ரூபாய் சண்டை ஞாபகத்திலேயே இருக்காது.

அதே தீர்ப்பில் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. உரிமம் இல்லை என்பதை மட்டும் காப்பீட்டு நிறுவனம் காட்டினால் போதாது. உரிமையாளர் நியாயமான கவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். உரிமத்தை வாங்கிப் பார்த்தேன், ஒழுங்காகத் தெரிந்தது, பிறகுதான் அது போலி என்று தெரியவந்தது என்றால் அவர் தப்பிக்க இடமுண்டு. ஆக, சாவி கொடுக்கும்முன் 'லைசென்ஸைக் காட்டுடா' என்று கேட்பது நண்பனை அவமானப்படுத்துவது போலத் தோன்றினாலும், அந்த ஒரு கேள்விக்குத் தீர்ப்பாயத்தில் பெரிய மதிப்பு. செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் சரி. கேட்காமல் கொடுத்து, அவரிடம் உரிமம் இல்லாவிட்டால், கொடுத்ததற்காகவே உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. பதினெட்டு நிரம்பாத பையனுக்குக் கொடுத்தால் தண்டனை 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். பக்கத்து வீட்டுப் பையன் 'அண்ணே, ஒரு ரவுண்டு' என்று கேட்கும்போது நாம் யோசிப்பதேயில்லை.

சரவணன் ஒரு வருஷத்துக்கு முன்னால் வண்டியை விற்றிருந்து, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டியை விற்றவர்கள் பலர் இன்னமும் அது தங்கள் பெயரில்தான் ஓடுகிறது என்பதை அறியாமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இனி மூன்றாவது ஆள், இரவல் வாங்கி ஓட்டியவனே. பாண்டிக்கு முழங்கையோடு போயிற்று. கால் முறிந்திருந்தால் அவனுக்கு யார் கொடுப்பார்கள்? அந்த ஸ்கூட்டரின் மூன்றாம் நபர் காப்பீட்டில் அவன் கேட்க முடியாது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. கர்நாடகத்தில் ஒருவர் இரவல் மோட்டார் சைக்கிளில் போனார். முன்னால் போன மாட்டு வண்டியில் மோதி இறந்தார். யார் தப்பு என்று பார்க்காமலே ஈடு தரும் பிரிவின்கீழ் குடும்பத்தார் கேட்டார்கள். இரவல் வாங்கி ஓட்டுபவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், தன்னிடமே தான் ஈடு கேட்க முடியாது என்று அந்தப் பிரிவின்கீழான கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமையாளருக்கென்று கட்டாயமாக எடுக்கப்படும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்றால், அது பெயரிலேயே சொல்வதுபோல் உரிமையாளரான ஓட்டுநருக்கு. அதுவும் பலர் தாளில் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும். தப்பு எதிரே வந்த லாரியுடையது என்றால், அந்த லாரியின் காப்பீட்டில் பாண்டி தாராளமாகக் கேட்கலாம். நாய் குறுக்கே வந்தால் கேட்க ஆளில்லை. அவசரச் சிகிச்சைக்கு மட்டும் 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கைகொடுக்கும். விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அது செல்லும்.

பின்னால் உட்கார்ந்து போனவர் நிலையும் சங்கடம்தான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள இருசக்கர வண்டியில் பின்னால் இருப்பவர் அதில் அடங்க மாட்டார் என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பு. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசி என்றால் அடங்குவார். அப்படிப் பார்த்தால், சரவணன் புதுப்பிக்காமல் விட்ட பாதி, பேனலுக்கும் ஃபோர்க்குக்கும் மட்டுமானதல்ல.

மறுபடி 12,000-க்கு வருவோம். பாண்டி நிபந்தனையை மீறினான். சரவணன் பிரேக் குறையை மறைத்தான், அல்லது சொல்ல மறந்தான். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஏதோ ஒரு விகிதத்தில் முடிப்பார்கள். போவதற்கு மூன்று வருஷம் அவகாசமும் உண்டு. ஆனால் 12,000-க்கு வழக்கு என்பது வக்கீல் வீட்டுக் காபிச் செலவுக்குக்கூடக் காணாது. அதற்கு நல்ல வழி வட்ட சட்டப் பணிகள் குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு மனு எழுதிக் கொடுத்தால், கட்டணமில்லாமல் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி லோக் அதாலத்தில் முடித்துவைப்பார்கள். அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

இவர்கள் அதுவரை போகவில்லை. மெக்கானிக் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். புது பேனல் வேண்டாம், பழைய பேனலையே பிளாஸ்டிக் வெல்டிங் போட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய மட்கார்டு ஒன்று மாட்டினால் 9,000-க்குள் முடியும் என்றார். ஃபோர்க் மட்டும் புதுசு, அதைத் தட்டி நிமிர்த்தினால் மறுபடி வளையும் என்பதால் அதில் சமாதானம் இல்லை. ஒத்தக்கடைக்காக பாண்டி 6,000. பிரேக்குக்காக சரவணன் மீதியும், புது பிரேக் ஷூ விலையும். பாண்டி கையில் 2,000 கொடுத்தான், பாக்கியை மாசம் ஆயிரமாக ஒத்துக்கொண்டான்.

செல்வி அதோடு விடவில்லை. சொந்தச் சேதக் காப்பீட்டை அன்றைக்கே எடுக்கச் சொன்னாள். எடுக்க முடியவில்லை. இடையில் விட்டுப்போன வண்டிக்கு மறுபடி அந்தக் காப்பீடு தர, முதலில் வண்டியை ஆய்வு செய்து படம் பிடிக்க வேண்டும் என்றார் முகவர். முகப்பு உடைந்து நிற்கும் வண்டியை எந்த நிறுவனமும் ஏற்காது. பழுதெல்லாம் சரிசெய்து, பத்து நாள் கழித்துத்தான் கொண்டுபோனார்கள். புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டிவிட்டதால், மூன்றரை வருஷம் ஒரு கிளெய்மும் வாங்காததற்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியும் இல்லை என்று சொல்லி, முழுத் தொகைக்கு ரசீது போட்டார்.